அறுபத்தோராம் ஓலை

“இத்தனை ஓலையில அந்த ஒரே ஓலையை உருவிப் போட்டா உனக்கு என்னடி குறைஞ்சிடும்?”

இதைத்தான் அவன் கேட்டானாம். காலையில் கேட்டானாம், கஞ்சி குடிக்கும்போது கேட்டானாம், கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் கேட்டானாம். அவள் பதில் சொல்லவில்லையாம். பதில் சொல்லாத பொம்பளையைக் கண்டால் சில ஆம்பளைகளுக்குத் தலைக்கு மேல் ஏறும். இவனுக்கும் ஏறியது.

யார் இவன், யார் இவள் என்று கேட்பதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு கேள். உங்கள் டீச்சர், இடைக்காலத்து யாத்திரிகர் ஒருவர் வழியில் எழுதிய நாட்குறிப்பு மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு வா என்று சொன்னாலும் சொன்னார், நீ “அன்புள்ள டைரியே, இன்று காலை எழுந்து பல் துலக்கினேன்” என்று ஆரம்பித்து வைத்திருக்கிறாய். அதைப் படித்ததில் என் மத்தியானத் தூக்கம் போயிற்று. அதனால் சொல்கிறேன், உட்கார்.

வைகைக்குத் தெற்கே மருதங்குடி மருதங்குடி என்று ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊரில் உய்யவந்தான் என்று ஒருத்தன். அவன் பெண்டாட்டி கொற்றி. அவன் அம்மா உமைநங்கை. கொற்றியின் அப்பா ஊர்ச்சபைக்கு ஓலை எழுதியவர், ஆண்பிள்ளை இல்லாததால் பெண்ணுக்கே எழுத்தாணி பிடிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினவர். உய்யவந்தானுக்கும் எழுத்துத் தெரியும். ஆனால் ஓலையைக் கண்டால் கொட்டாவி வரும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். எல்லாரும் காசிக்கு நடக்க முடியுமா? முடியாது. அதனால் ஒரு குடும்பம் கிளம்பினால் ஊரே தன் செத்தவர்களை அவர்களிடம் ஒப்படைக்கும். எங்கள் அப்பன் பெயர் இது, எங்கள் பாட்டன் பெயர் இது, பேர் வைப்பதற்கு முன்னாலேயே போன எங்கள் குழந்தைக்கும் சேர்த்து ஒரு பிண்டம் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கயையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பிண்டம் வைக்கவேண்டும். திரும்பி வந்ததும் போன கதை மொத்தத்தையும் முதல் ஓலையிலிருந்து கடைசி ஓலை வரைக்கும் சபையில் வாசிக்கவேண்டும். ஒரு வரி தாண்டக்கூடாது. தன் வீட்டுப் பெயர் கூப்பிடப்பட்டதா என்று அவரவர் காதால் கேட்டால்தான் அவரவருக்குச் சோறு இறங்கும். கேட்டு முடித்ததும், போய் வந்தவன் தலையில் கோயில் பரிவட்டம் கட்டுவார்கள். அதற்குப் பிறகு கோயிலில் முதல் திருநீறு அவனுக்கு. உய்யவந்தானுக்கு அந்தத் துணி மேல்தான் கண். கங்கை மேல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

தை மாதம் அறுப்பு முடிந்ததும் மூன்று பேரும் கிளம்பினார்கள். கொற்றி முன்கூட்டியே ஓலை தயார் பண்ணினாள். முற்றவும் கூடாது, குருத்தாகவும் கூடாது, நடுத்தரமான பனையோலையாகப் பார்த்து வெட்டி, ஈர்க்கை உருவி எறிந்து, கொதிக்கிற தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்கால் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரே அளவாக நறுக்கி, துளை போட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் இரண்டு பலகை வைத்துக் கட்டினாள். நூற்று நாற்பது ஓலை. ஒவ்வொன்றுக்கும் இடது ஓரத்தில் எண்.

“அம்மா, அப்போ பேப்பரே இல்லையா?”

உன் பையில் கசங்கிக் கிடக்கிறதே, அது மாதிரி இல்லை. இன்னொன்றும் கேட்டுக்கொள். மேசை போட்டு எழுதவில்லை. ஓலையை இடது கையில் தூக்கிப் பிடிக்கவேண்டும். எழுத்தாணி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும், இடது கைதான் ஓலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொடுக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். எழுதி முடித்தால் ஒன்றும் தெரியாது, வெறும் கீறல். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து எழும்பி நிற்கும். ஒருமுறை கீறினால் கீறியதுதான். அழிக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் ஓலையையே எடுக்கவேண்டும்.

அப்படி அவள் என்ன எழுதினாள்? வானம் நீலமாக இருந்தது, என் மனம் பறவையானது என்றா? தினமும் எழுதவும் இல்லை. எழுத வேண்டிய அன்றைக்கு மாதம், பிறை, கிழமை, நட்சத்திரம். எங்கே தங்கினோம். முந்தின இடத்திலிருந்து எத்தனை காதம். தண்ணீர் நல்லதா, உப்பா. சத்திரத்தில் யார் காவல், வழியில் கள்ளர் பயம் உண்டா. கடைசியில் ஒரு வரி, எத்தனை பேர் உண்டோம். “மூவர் உண்டோம்.” சமைக்கிறவள் எழுதினால் அதை எழுதாமல் இருப்பாளா? அடுத்தாற்போல் அந்த வழியில் போகிறவன் கையில் அந்தக் கட்டு இருந்தால் யாரையும் வழி கேட்கவே வேண்டாம். அதற்குத்தான் எழுதுவது.

காவிரியைக் கடந்தார்களாம், மூவர் உண்டோம். கிருஷ்ணையைக் கடந்தார்களாம், மூவர் உண்டோம். கோதாவரியைக் கடந்தார்களாம், அன்றைக்கும் மூவர்தான். பாஷை தெரியாத ஊரில் உமைநங்கை கைஜாடை காட்டியே தயிர் வாங்கிவிடுவாள். காலில் கொப்புளம் வந்தால் எருக்கிலையைச் சூடுபண்ணிக் கட்டிக்கொண்டு, “நட, நட, செத்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க” என்பாள். கிழவிக்கு ஊரில் உள்ள அத்தனை வீட்டுச் செத்தவர் பெயரும் பாடம்.

ஆனி மாதம் நர்மதைத் தென்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வானம் இருட்டிவிட்டது. ஒரு மழை பெய்தாயிற்று. கிழவிக்குக் காய்ச்சல். மழைக்காலம் முழுக்க ஓரிடத்தில் தங்கிவிட்டுப் போவதுதான் யாத்திரை போகிறவர்களின் முறை. கொற்றி அதைத்தான் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

“ஆறு பெருகிட்டா நாலு மாசம் இங்கேயே கிடக்கணும். புரட்டாசி மாளயத்துக்குக் கயையில இருக்கவேண்டாமா? ஊருக்கே பிண்டம் வைக்கணும். அம்மா இங்க இருக்கட்டும். திரும்பும்போது கூட்டிக்கலாம்.”

“காய்ச்சல்ல கிடக்கிறவங்களை எப்படிங்க விடறது?”

“சத்திரத்துக்காரன் இருக்கான்ல. இதுக்குத்தானே சத்திரம் கட்டி வெச்சிருக்கான்.”

ஒரு கம்பளியையும் ஒரு செம்பையும் வைத்துவிட்டுத் தோணியில் ஏறினார்கள். இருவரும் ஏறினார்கள். அவன் மட்டும் ஏறினான் என்று நான் சொல்லவில்லை, கவனித்துக்கொள். கிழவி கூப்பிட்டாள். கொற்றி ஏறினாள். அக்கரையில் இறங்கி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அறுபத்தோராம் ஓலையை எழுதினாள்.

காசிக்குப் போனார்கள், கயைக்குப் போனார்கள், மாளயத்தில் பிண்டம் வைத்தார்கள். கிழவி பாடம் சொல்லிச் சொல்லி கொற்றி வழியிலேயே எழுதி வைத்திருந்ததால் ஒரு பெயர் விடுபடவில்லை. திரும்புகிற சமயத்தில் கலிங்கத்துப் பக்கம் போகிற வணிகர் கூட்டம் ஒன்று கிடைத்தது. கடற்கரைச் சாலை, மேடு பள்ளம் கிடையாது, கூட்டத்துக்கு வாள்பிடித்த காவலும் உண்டு. உய்யவந்தான் அதில் சேர்ந்துகொண்டான்.

“அந்த வழியில நர்மதை வராதே” என்றாளாம் கொற்றி.

“வராதுதான்” என்றானாம் அவன். அவ்வளவுதான் பேச்சு.

பங்குனியில் ஊர் வந்து சேர்ந்தார்கள். ஊர் எல்லையிலேயே ஜனங்கள் கேட்டார்கள், “அம்மா எங்கப்பா?” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காசியில கங்கைக் கரையில போய்ச் சேர்ந்தாங்க. அந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?” என்றான். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. காசியில் செத்தால் மறுபிறவி இல்லையே. முக்தி அடைந்தவளின் மகனுக்குப் பட்டுப் பரிவட்டமே கட்டலாம் என்று சபையில் பேச்சாயிற்று. கொற்றி பக்கத்தில்தான் நின்றாள். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

சபை கூட ஏழு நாள் இருந்தது. எதற்கும் ஒரு தடவை வாசித்துக் காட்டு, நான் எங்கெங்கே தலையாட்டவேண்டும் என்று தெரிந்துகொள்கிறேன் என்று அவளை உட்காரவைத்தான். அறுபது வரைக்கும் கொட்டாவி. அறுபத்தொன்று வந்ததும் கொட்டாவி பாதியில் நின்றது. அப்போது ஆரம்பித்ததுதான் முதலில் நான் சொன்ன சண்டை.

“அந்த ஓலையில மட்டும்தாங்க அந்தச் சத்திரம் எங்க இருக்குன்னு எழுதியிருக்கு” என்றாள் கடைசியில். “அது போயிட்டா அத்தையைத் தேடிப் போக வழி கிடையாது.”

“யார் தேடப் போறா?”

“உசிரோட இருந்தா?”

“செத்துட்டாங்கன்னு ஊருக்கே சொல்லியாச்சு. இனிமே உசிரோட இருக்கக்கூடாது.”

பெற்ற பிள்ளை சொன்னது இது. நான் சேர்த்துச் சொல்லவில்லை.

அவள் முடியாது என்றாள். அவன் கட்டு முழுவதையும் தூக்கி அடுப்புக்கு மேலே பிடித்தான். “ஒரு ஓலையா, நூத்தி நாப்பதுமா? நீயே சொல்லு.” அதில் ஊர் மொத்தத்தின் பெயர்களும் இருக்கின்றன. போன வழியும் இருக்கிறது. அவள் முடிச்சை அவிழ்த்து அறுபத்தொன்றை உருவிக் கொடுத்தாள். அவன் அடுப்பில் போட்டான். பனையோலை எரிய எவ்வளவு நேரம் ஆகும்?

எண் விட்டுப்போனால் தெரிந்துவிடுமே என்று, அவனே பனையோலை வெட்டிக்கொண்டு வந்து போட்டான். அவள் வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து எடுத்தாள். இடது ஓரத்தில் அறுபத்தொன்று என்று போட்டுவிட்டு, “சொல்லுங்க” என்றாள்.

“காசி. ஆவணி மாசம். வளர்பிறை ஏகாதசி. நட்சத்திரம்... ரோகிணின்னு போடு. ரோகிணி நல்ல நட்சத்திரம்.”

“ரோகிணியா?”

“சொன்னதை எழுதுடி. என் அன்னை கங்கைக் கரையில் உயிர் நீத்தாள். சிவபெருமானே வந்து அவள் வலது காதில் மந்திரம் ஓதினார்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“எழுது.”

சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. “மத்த ஓலைங்க?” என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். “அதை எவன் பார்க்கப் போறான்” என்று அவன் போய்ப் படுத்துவிட்டான். ஒற்றைப் பக்கத்தை மாற்றினால் உலகம் மாறிவிடும் என்று நினைக்கிறவன் நாட்குறிப்பு எழுதினதே இல்லை என்று அர்த்தம்.

ஏழாம் நாள் சபை கூடியது. தாம்பாளத்தில் பட்டுப் பரிவட்டம். உய்யவந்தான் முன்னால் உட்கார்ந்திருந்தான், கொற்றி தூணுக்குப் பின்னால் பெண்களோடு. ஓலை வாசிக்கிறவர் பெயர் மாறனார். பாதிக் கண் மங்கினவர், ஆனால் விரல் மங்கவில்லை. ஓலையைத் தடவிக்கொண்டேதான் வாசிப்பார்.

அறுபது வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தார். அறுபத்தொன்றைத் தொட்டதும் நின்றார்.

“உய்யவந்தா, இந்த ஓலை மட்டும் வேற கையில வளர்ந்த மாதிரி இருக்கே. மத்ததெல்லாம் புகையும் வேர்வையும் ஏறிப் பழுப்பா இருக்கு. கயிறு உரசி உரசித் துளை நீண்டிருக்கு. இதுல துளை நேத்துப் போட்ட மாதிரி வட்டமா இருக்கு.”

“பழைய ஓலை பூச்சி அரிச்சிடுச்சுங்க ஐயா. அதைப் பார்த்துப் புதுசா எழுதினது.”

“நடக்கிறதுதான்” என்று மாறனார் வாசித்தார். ஏகாதசி, ரோகிணி என்றதும் மறுபடி நின்றார்.

“ஆவணி வளர்பிறை ஏகாதசியில ரோகிணியா?”

“ஆமாங்க.”

“ஆவணியில ரோகிணி எப்போ வரும்?” என்று பொதுவாகக் கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, “கண்ணன் பொறந்த அன்னைக்கு வரும். தேய்பிறை அட்டமியை ஒட்டி” என்றாள். சபையில் சிரிப்பு. சீடை சுடுகிற எவளுக்கும் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஆவணி வளர்பிறையில் சந்திரன் ரோகிணியில் போய் நிற்கவே நிற்காது.

“துக்கத்துல நட்சத்திரம் மாறிப் போயிருக்கும் ஐயா. பெத்த தாய் போன நாள்.”

“இருக்கலாம்” என்றார் மாறனார். “துக்கத்துல மாறும். அடுத்ததைப் பார்ப்போம்.” அறுபத்திரண்டை எடுத்தார். “ஆனி, தேய்பிறை ஆறு.” நின்றார். “ஆவணிக்கு அப்புறம் ஆனி வருதா? சரி, அதுவும் துக்கம்னு வெச்சுக்குவோம். ‘நேற்றுக் கடந்த நருமதையிலிருந்து வடக்கே ஒரு காதம். காடு. இருவர் உண்டோம்.’”

அறுபத்து மூன்று. “இருவர் உண்டோம்.”

அறுபத்து நான்கு. “இருவர் உண்டோம்.”

பட்டுத் துணி தாம்பாளத்திலேயே இருந்தது. மாறனார் கட்டைக் கீழே வைத்தார்.

“அறுபதாம் ஓலையில நர்மதைக்குத் தெற்க மூணு பேர் சாப்பிட்டிருக்கீங்க. அறுபத்திரண்டுல நர்மதைக்கு வடக்க ரெண்டு பேர். உங்க அம்மா காசியில சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலேர்ந்து சாப்பிடலையாப்பா? அப்புறம், போன வழியிலேயே நீ திரும்பலை. வணிகரோட கலிங்கம் வழியா வந்தேன்னு ஊருக்குள்ள நீயேதான் பெருமையாச் சொன்னே. அப்போ இது திரும்பும்போது எழுதின ஓலையும் இல்லை. அந்த ஓலையில என்ன இருந்துது?”

தூணுக்குப் பின்னாலிருந்து கொற்றி முன்னால் வந்து, கையில் ஓலை இல்லாமலே, ஓலை வாசிக்கிற குரலில் சொன்னாள்.

“ஆனி மாதம், தேய்பிறை ஐந்து, செவ்வாய், சதயம். நருமதைத் தென்கரை. இரட்டை அரசமரத்துச் சத்திரம், தோணித்துறைக்கு மேற்கே கூப்பிடு தூரம். காவல் ஒற்றைக்கண் கிழவன், நல்லவன். தண்ணீர் கலங்கல். அத்தைக்குச் சுரம். ஆறு பெருகுமுன் கடக்கவேண்டும் என்றார். அத்தையை விட்டோம். ஒரு கம்பளி, ஒரு செம்பு. என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. இருவர் உண்டோம்.”

“‘நான் திரும்பவில்லை’ன்னா எழுதியிருந்தே?” என்றார் மாறனார்.

“நடந்ததைத்தானே எழுதணும்” என்றாள்.

அப்புறம் என்ன, சபை கொதித்தது. உயிரோடு இருக்கிறவளைச் செத்தவள் ஆக்கினவனுக்குப் பரிவட்டமா என்று பட்டுத் துணியை மடித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும்வரைக்கும் இந்த ஊரில் எந்த வீட்டிலும் உனக்கு நெருப்பு கிடையாது, தண்ணீர் கிடையாது, கோயில் வாசல் கிடையாது, இப்படியே வடக்கே நட என்று தீர்ப்புச் சொன்னார்கள். வணிகர் இல்லை, காவல் இல்லை, சோறாக்கிப் போட ஆள் இல்லை. ஒற்றையாய் அவன் எழுந்து நடந்தான். எல்லை தாண்டினதைச் சிறுவர் பெரியவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, மீதி ஓலையையும் வாசியுங்கள் என்றார்கள். விடுவார்களா? கயை ஓலைகள் வந்தன. வீட்டுக்கு வீடு பெயர் வந்தது. எங்கள் அப்பா, எங்கள் பாட்டன், எங்கள் குழந்தை என்று அழுதார்கள், சிரித்தார்கள், கும்பிட்டார்கள். உமைநங்கை பாடமாக வைத்திருந்த பெயர்கள் அத்தனையும். ஒன்றும் விடவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

அவ்வளவுதான் கதை. பொய் எழுதச் சொன்னவன் வெயிலில் போனான், பொய் கேட்டவர்கள் நிழலில் போனார்கள், மிச்சம் உன் நோட்டில். எழுதினால் இப்படி எழுது. என்றைக்கு, எங்கே, எத்தனை பேர் என்று எழுது. உன்னைப் பற்றி அசிங்கமானது இருந்தால் அதையும் எழுது. அது இல்லாத நாட்குறிப்பை நான் நம்பமாட்டேன், உங்கள் டீச்சர் நம்பினாலும்.

என்ன, கொற்றியா? அவள் ஓலைக்கட்டை மடியில் கட்டிக்கொண்டு சபை வாசலில் நின்றாளாம். வெளியே போகிற ஒவ்வொருத்தரிடமும் கேட்டாளாம். ஒருத்தர் உழவு இருக்கிறது என்ற முகத்தோடு போனார், ஒருத்தர் மழை வரப்போகிறது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார், ஒருத்தர் அவளையே பார்க்காமல் போனார். கடைசி ஆளும் படியிறங்கின பிறகு அவர்கள் முதுகைப் பார்த்துச் சொன்னாளாம்:

“அவர் காவிரியைக்கூடத் தாண்டமாட்டாருங்க. வழி மொத்தமும் என்கிட்ட இருக்கு. யாராவது ஒருத்தர் என்கூட வாங்க.”